ஒன்பது மாதச் சம்பளம், பதின்மூன்று மாதச் செலவு

முத்துநகர்_ஏபி

இன்னும் இரண்டு வாரத்தில் டேங்கர் ஒன்றில் ஜாயின் பண்ணுகிறேன். ஏபி மாலுமி வேலை, மாதம் மொத்தம் 1,500 டாலர், 9 மாத கான்ட்ராக்ட். சம்பளத்தில் மாதம் எவ்வளவு யார் கணக்குக்குப் போக வேண்டும் என்று எழுதித் தரும் அலாட்மென்ட் ஃபாரம் அனுப்பியிருக்கிறார்கள். போன தடவை 1,400 டாலரை அப்படியே மனைவி கணக்குக்குப் போட்டுவிட்டேன். இறங்கி வந்து பார்த்தால் கையில் ஒன்றுமில்லை, இரண்டாவது மாதமே நகையை அடகு வைத்தோம். வீட்டுச் செலவு 42,000, லோன் 11,000, அம்மாவுக்கு 6,000. இந்தத் தடவை எவ்வளவு என்று எழுதட்டும்?

பழைய_போசன்

தம்பி, 31 வருஷம் கப்பலில் இருந்தவன் சொல்கிறேன், முழுதையும் வீட்டுக்கு அனுப்பு. கையில் சிகரெட்டுக்கும் நெட் கார்டுக்கும் நூறு டாலர் போதும். கப்பலில் விட்ட காசு காசே இல்லை. நான் அனுப்பியதை வைத்து என் வீட்டம்மா இரண்டு மாடி கட்டினாள், ஒரு ரூபாய்க்கும் நான் கணக்கு கேட்டதில்லை. உன் வீட்டில் பணம் நிற்கவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து பேசு, ஃபாரத்தில் தொகையைக் குறைத்து என்ன ஆகப்போகிறது?

டாலர்_ராஜா

அண்ணே, அந்தக் காலம் வேறு. 2010ல் ஒரு டாலர் 45 ரூபாய் சுமார், இப்போது 85ஐத் தாண்டியாச்சு. டாலரை மாதாமாதம் ரூபாயாக மாற்றுகிறவன்தான் ஏமாளி. வீட்டுக்கு 600 டாலர் போட்டுவிட்டு மீதியைக் கம்பெனி கணக்கிலேயே பேலன்ஸாக விடுங்கள். சைன் ஆஃப் அன்றைக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். வட்டி இல்லையே என்று கேட்காதீர்கள், ரூபாய் விழுவதுதான் வட்டி.

அப்புறம், சட்டப்படி 80 சதவீதம் வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று யாராவது வந்து சொல்வார்கள். அதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்_இன்ஜின்

அந்த 80 சதவீதம் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு. அவர்கள் அரசின் ஸ்டாண்டர்டு கான்ட்ராக்டில் இருக்கிறது, அதுவும் பேசிக் சம்பளத்தில் 80 சதவீதம், மொத்தத்தில் இல்லை. மெஸ்ஸில் அவர்கள் பேசுவதைக் கேட்டு நம் ஆட்களும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் கிடையாது. கேட்டால் முழுதையுமோ ஒரு பகுதியையோ அனுப்பும் வசதியைக் கம்பெனி தர வேண்டும் என்று கடலோடிகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான எம்எல்சி சொல்கிறது, எவ்வளவு என்பது உங்கள் விருப்பம்.

ஆனால் பேலன்ஸைக் கம்பெனியிடமே விடச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது சேமிப்பு இல்லை ராஜா சார், கப்பல் முதலாளிக்கு நாம் வட்டியில்லாமல் கொடுக்கும் கடன். 2019ல் நான் இருந்த ஒரு கப்பலை வெளி நங்கூரத்தில் நிறுத்திவிட்டு ஆபீஸில் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். தண்ணீரை அளந்து குடித்தோம். இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானாலே கைவிடப்பட்ட கப்பல் என்று முறையிடலாம், அதற்கென்று கப்பலுக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் சம்பளக் கணக்கில் அது தருவது அதிகபட்சம் 4 மாதப் பாக்கி. எங்கள் ஃபிட்டர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு என்று ஏழு மாதமாகப் பாதிச் சம்பளத்தைக் கம்பெனியிடமே விட்டிருந்தார். அதுவே மூன்றரை மாதச் சம்பளம் ஆகிவிட்டது. அதன்மேல் புதிதாக மூன்று மாதப் பாக்கி. ஆக ஆறரை மாதம், கையில் வந்தது நான்கு. மீதிக்குக் கப்பலை அரெஸ்ட் செய்து கேஸ் நடத்த வேண்டும். ஊருக்கு வந்துவிட்ட ஃபிட்டர் எந்தத் துறைமுகக் கோர்ட்டுக்குப் போவார்?

ஜாயின் பண்ணியதும் அந்த இன்சூரன்ஸ் சர்டிபிகேட் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருக்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

துபாய்_மணி

நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். சம்பளம் வந்த முதல் வாரத்தில் எக்ஸ்சேஞ்சில் கூட்டம் ஜாஸ்தி, ரேட் நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்து அனுப்புங்கள். ஆப்பில் அலர்ட் வைத்துக்கொள்ளுங்கள் நண்பரே.

பழைய_போசன்

மணி தம்பி, இவன் நடுக்கடலில் இருப்பான். அங்கே எக்ஸ்சேஞ்ச் ஏது?

இன்ஜினியர் சார் சொன்னதைத்தான் நானும் முதலிலேயே சொன்னேன், கப்பலில் விட்ட காசு காசே இல்லை என்று.

இரண்டாம்_இன்ஜின்

பாதிதான் சரி அண்ணே. கம்பெனியிடம் விடக்கூடாது, உண்மை. அதற்காக எல்லாமே வீட்டுச் செலவுக் கணக்குக்குள் போக வேண்டும் என்று இல்லையே. கேள்வி கேட்டவர் அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

தம்பி, உங்கள் சம்பளம் ஒன்பது மாதம். ஆனால் இறங்கி வந்து அடுத்த கப்பல் கிடைக்க நான்கு மாதம் ஆகும். ஆக 13 மாதச் செலவை 9 மாதச் சம்பளம் தாங்க வேண்டும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக் கணக்கு போடுகிறேன். கப்பலில் மாதம் 100 டாலர் எடுத்துக்கொண்டால் மீதி 1,400. ஒன்பது மாதத்துக்கு 12,600 டாலர், ரூபாயில் 10,71,000. இறங்கி இருக்கும்போது கோர்ஸ் புதுப்பிக்க, மெடிக்கல், பயணம் என்று ஒரு 60,000 ஒதுக்குங்கள். மீதி 10,11,000. உங்கள் மாதச் செலவு மூன்றையும் கூட்டினால் 59,000, பதின்மூன்று மாதத்துக்கு 7,67,000. ஆக 2,44,000 மிஞ்சும்.

போன தடவை மாதம் 1,19,000 வீட்டுக்குப் போயிருக்கிறது, தேவை 59,000தான். வருகிற அளவுக்குச் செலவும் வளரும், அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பத்தாவது மாதம் ஒன்றும் வராது என்பதைக் கணக்கே காட்டவில்லை, அவ்வளவுதான்.

அதனால் 1,400ஐயும் உங்கள் பெயரில் இருக்கும், வெளிநாட்டுச் சம்பளம் போடும் என்ஆர்இ கணக்குக்கு எழுதுங்கள். அந்தக் கணக்கிலிருந்து மனைவி கணக்குக்கு மாதம் ஐந்தாம் தேதி 53,000, அம்மா கணக்குக்கு 6,000 தானாகப் போகும்படி பேங்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கப்பலில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அதே தொகை போகும். டாலர் 82 ஆனாலும் 88 ஆனாலும் வீட்டுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

கரைக்காரி

நான் ஒரு ஏபியின் மனைவி. சார் போட்ட கணக்கு சரி. ஆனால் "தேவை 59,000தான்" என்று எழுதியபோது சுருக்கென்றது. அது அவர் கப்பலேறும்போது போட்ட பட்டியல். நான் கரையில் இருக்கிறேன். போன வருஷம் மாமனாருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் ஒரு லட்சம் கட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அவர் பெயரில் மட்டும் இருந்த கணக்கில் மூன்று லட்சம், என் கணக்கில் நாலாயிரம். கப்பல் அட்லாண்டிக்கில், இரண்டு நாள் வாட்ஸப்பே போகவில்லை. என் தாலிச்செயின் போய்த்தான் பணம் வந்தது.

மாதத் தொகையை நிலையாக வைப்பது நல்லதுதான். ஆனால் பெரிய கணக்கின் சாவியை அவர் கடலுக்கு எடுத்துப் போனால் எனக்கு அது கணக்கே இல்லை.

இரண்டாம்_இன்ஜின்

சரிதான் அக்கா, அதை நான் விட்டுவிட்டேன். என்ஆர்இ கணக்கில் இந்தியாவில் இருக்கும் மனைவியை ஜாயின்ட்டாகச் சேர்க்கலாம், ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்ற முறையில். ஆனால் அப்படிச் சேர்த்தாலே அவர் எடுக்க முடியும் என்று நினைக்க வேண்டாம். கணவர் உயிரோடு இருக்கும்வரை மனைவி பவர் ஆஃப் அட்டர்னி மூலமாகத்தான் கணக்கை இயக்க முடியும். அந்தப் பேப்பரைக் கப்பலேறுவதற்கு முன்னாலேயே பேங்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும், ஏறியபிறகு நடக்காது. கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு ஆயிரம் ரூபாயை அவரை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டாலர்_ராஜா

கம்பெனியிடம் விடுவதைப் பற்றிச் சொன்னது உறைத்தது, சரி. ஆனால் ரூபாய் விழுவது பொய்யில்லையே? மிஞ்சுகிற அந்த 2,44,000ஐ ஏன் ரூபாயில் வைக்க வேண்டும்?

இரண்டாம்_இன்ஜின்

டாலராகவே வைக்க எஃப்சிஎன்ஆர் டெபாசிட் இருக்கிறது. குறைந்தது ஒரு வருஷம் போட வேண்டும், அதற்குள் எடுத்தால் வட்டி இல்லை. நான்கு மாத லீவுக்கு வேண்டிய பணத்தை அதில் போட்டால் திரும்ப அடகுக்கடைக்குத்தான் போவார். உண்மையிலேயே மிஞ்சினதை மட்டும் போடலாம். அடகில் நகை இருக்கும்வரை அதுவும் வேண்டாம், முதலில் நகையை மீட்கட்டும்.

கப்பல்_கணக்கு

ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அலாட்மென்ட் டாலராகவே வருகிறதா, ஏஜென்சி ரூபாயாக மாற்றி அனுப்புகிறதா என்று ஃபாரம் நிரப்பும்போதே கேளுங்கள். எனக்கு ஸ்லிப்பில் 600 டாலர், கணக்கில் 49,020 ரூபாய். வகுத்துப் பார்த்தேன், 81.70. அதே நாளில் என் பேங்க் டாலரை வாங்கிய ரேட் 83.10. ஒரு மாதத்துக்கு 840 ரூபாய் காணோம். ரேட் நமக்குப் பாதகமாக இருக்கக்கூடாது, மாதக் கணக்கில் அந்த ரேட்டை எழுதித் தர வேண்டும் என்று எம்எல்சியிலேயே இருக்கிறது. மெயில் போட்டேன், அடுத்த மாதத்திலிருந்து டாலராகவே அனுப்பினார்கள். ஆனால் அப்படி வரும்போது நடுவில் ஒரு பேங்க் இருபது டாலர் சுமார் பிடித்துக்கொள்கிறது! 600 டாலருக்கு அது வலிக்கும், 1,400க்கு அவ்வளவாக வலிக்காது. அந்த வகையில் பார்த்தாலும் இரண்டு மூன்று கணக்குக்குப் பிரித்து அனுப்புவதைவிட ஒரே கணக்கு மேல்.

பழைய_போசன்

எங்கள் காலத்தில் மணியார்டர்தான். மனைவி கணக்கு, என் கணக்கு என்றெல்லாம் பிரித்தால் வீட்டுக்குள் வேறு மாதிரி பேச்சு வரும், அதை யாரும் எழுதவில்லை. இவன் மனைவி "என்னை நம்பலையா" என்று கேட்டால் இன்ஜினியர் வந்து பதில் சொல்வாரா?

கரைக்காரி

அண்ணே, நான் கேட்டிருக்கிறேன், அதே வார்த்தை. பதிமூன்று மாதக் கணக்கை எழுதிக் காட்டினார், அப்புறம் கேட்கவில்லை. ஃபாரத்தை எனக்குத் தெரியாமல் நிரப்பியிருந்தால் கேட்டிருப்பேன்.

முத்துநகர்_ஏபி

எல்லோருக்கும் நன்றி. இன்று ராத்திரி மனைவியோடு உட்கார்ந்து எழுதினோம். போன தடவை எங்கே போனது என்றும் தெரிந்தது: மச்சானுக்குக் கைமாற்று 80,000, மாடிப் பூச்சு, ஒரு சீட்டு. எதுவும் வீண் இல்லை, ஆனால் எனக்கு எதுவும் தெரியாது. 1,400 என்ஆர்இக்கு, ஐந்தாம் தேதி 55,000 அவள் கணக்குக்கு என்று பேசி முடித்தோம். 53 போதாது என்றாள், சீட்டு இன்னும் எட்டு மாதம் ஓடுகிறதாம். பவர் ஆஃப் அட்டர்னிக்கு நாளைக்குப் பேங்க் போகிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். நான் ஜாயின் பண்ணுவது அக்டோபர் 10. ஏப்ரலிலிருந்து எண்ணினால் ஊரில் 192 நாள் ஆகிறது. அப்படியென்றால் இந்த வருஷம் நான் என்ஆர்ஐ ஆக மாட்டேனா?

இரண்டாம்_இன்ஜின்

மார்ச் வரையிலான கணக்கில் ஆக மாட்டீர்கள், ஊரில் 182 நாளுக்குக் கீழே இருந்தால்தான். என்ஆர்இ கணக்கில் சம்பளம் வந்தாலும் வரி இல்லை என்ற 2017 சர்க்குலர், என்ஆர்ஐ ஆக இருக்கும் கடலோடிக்குத்தான். ஆனால் மார்ச்சுக்குள் உங்களுக்கு வருவது ஏழரை லட்சம் சுமார். புது வரிமுறையில் 12 லட்சம் வரை ரிபேட் இருக்கிறது, வேறு வருமானம் இல்லையென்றால் வரி வராது. ரிட்டர்ன் மட்டும் போட்டுவிடுங்கள். நீங்கள் ரெசிடென்ட் ஆகும் வருஷத்தில் அந்தக் கணக்கை என்ன செய்வது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பழைய_போசன்

அம்மாவுக்கு 6,000 தனிக் கணக்கில் போகட்டும் தம்பி. மருமகள் கையால் வாங்கச் சொல்லாதே.

கரைக்காரி

அண்ணே, இதைப் பற்றித் தனியாக ஒரு சண்டை போடலாம்.