வெயிலில் நின்ற காரில் வளைந்துபோன போன் ஹோல்டர்

கதிர், மதுரை
மே மாத மதியம், திறந்தவெளியில் நிறுத்திய கார். டேஷ்போர்டில் கறுப்பு பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் போட்ட போன் ஹோல்டர். திரும்பி வந்து பார்த்தால் அதன் நீளக் கை தலை குனிந்து கிடந்தது. ஒரு லேயர்கூடப் பிரியவில்லை. வளைவிலும் கோடுகள் வரிசை குலையாமல் இருந்தன. ஏசி போட்டதும் அந்தக் கோணலிலேயே இறுகிவிட்டது. போனைக்கூட அதில் வைக்கவில்லை. அப்புறம் எப்படி?

செல்வம்
பிஎல்ஏ உருக 150 டிகிரிக்கு மேல் வேண்டும், எந்தக் காரும் அவ்வளவு சூடாகாது. உள்ளே நிரப்பும் இன்ஃபில் குறைவாக இருந்திருக்கும். நூறு சதவீதம் போட்டுப் பாருங்கள்.

மீனாட்சி, கோவை
செல்வம் சார், உருகவே வேண்டாம். 55, 60 டிகிரியிலேயே பிஎல்ஏ இளகிவிடும். கண்ணாடி வழியாக நேர் வெயில் விழும் டேஷ்போர்டு, காருக்குள் இருக்கும் காற்றைவிடவும் சூடாகும். கறுப்பு நிறம் இன்னும் இழுக்கும். போன் இல்லாவிட்டாலும் ஸ்பிரிங்கும் திருகும் உள்ள தலைப்பகுதி அந்தக் கையின் நுனியில் மணிக்கணக்கில் தொங்கியதே, அது போதும். இன்ஃபிலைக் கூட்டினால் தாமதமாகலாம், ஆனால் இளகும் சூடு மாறாது. 70 டிகிரி வெந்நீரில் ஒரு துண்டைப் போட்டுக் கிடுக்கியால் வளைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பிஇடிஜி பிளாஸ்டிக் 80 டிகிரி வரை வரும். டேஷ்போர்டுக்கு நான் ஏஎஸ்ஏ மட்டுமே போடுவேன். 100 டிகிரிக்குப் பக்கம் தாங்கும், வெயிலில் நொறுங்கிப் போகாது. மூடிய பிரிண்டர் இல்லையென்றால் மூலைகள் தூக்கிக்கொள்ளும். புகை நெடி உண்டு, ஜன்னல் திறந்த அறையில் வையுங்கள்.

ஜாபர், மஸ்கட்
இங்கே கியர் பக்கம் வைத்த பிஇடிஜி சில்லறைப் பெட்டி இரண்டு கோடை கண்டும் அப்படியே இருக்கிறது. அதே இழை ஸ்பூலில் செய்து முன்கண்ணாடியடியில் மாட்டிய கிளிப்தான் போய்விட்டது. பார்வைக்கு வளைவு தெரியவில்லை. முதலில் பிடி தளர்ந்தது, குழியில் வண்டி இறங்கினாலே கழன்று விழுந்தது. எப்போதும் இழுவையில் இருக்கும் பாகத்துக்குப் பிஇடிஜி வேண்டாம்.

சுதா
எனக்கும் இதே கதை! டிக்கியில் விட்ட புது பிஎல்ஏ ஸ்பூலில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. டிரையரில் வைத்தால் சரியாகுமா?

மீனாட்சி, கோவை
ஈரத்துக்குத்தான் டிரையர், சுதா. ஒட்டியது பிரியாது.

கதிர், மதுரை
பிஎல்ஏவையே ஓவனில் சூடாக்கிப் பதப்படுத்தினால் தாங்கும் என்கிறார்களே அக்கா? என்னிடம் மூடிய பிரிண்டர் இல்லை.

மீனாட்சி, கோவை
தாங்கும். ஆனால் நீளவாக்கில் சுருங்கி, உயரத்தில் கொஞ்சம் வளரும். உன் ஹோல்டரின் திருகு ஓட்டை பொருந்தாமல் போகலாம். பதப்படுத்துவதற்கென்றே வரும் பிஎல்ஏ குறைவாகச் சுருங்கும், நான் பயன்படுத்தியதில்லை.

செல்வம்
என் காரில் முழு இன்ஃபில் பிஎல்ஏ கொக்கி இன்றும் நேராகத்தான் நிற்கிறது.

ஜாபர், மஸ்கட்
கார் ஷெட்டில் நிற்கிறதா சார், வெயிலிலா?