மெஷினை வாங்குறதா, லீஸ் எடுக்குறதா?

செல்வி அக்கா: சிங்கப்பூர் தேக்கால இருக்குற நம்ம கடைக்குப் பாத்திரம் கழுவுற பெரிய மெஷின் பாத்தேன். வாங்குனா 30,000 வெள்ளி. லீஸ்னா மாசம் 500, அஞ்சு வருஷம், அப்புறம் அவங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்க. எது நல்லது?

கார்த்திக்: 60 மாசத்துக்கு அதே 30,000தான் அக்கா. வாங்குனா மெஷினாவது நம்மகிட்ட இருக்கும். வாங்கிடுங்க.

முருகன் மாமா: ஒண்ணு இன்னைக்கே போற பணம் கார்த்தி, இன்னொண்ணு அஞ்சு வருஷமா போறது. வரி குறையுற விதமும் வேற. லீஸ் வாடகையை அந்தந்த வருஷ லாபத்துலேருந்து செலவா கழிக்கலாம். வாங்குனா மூணு வருஷம், வருஷத்துக்கு 10,000 கழிக்கலாம்.

கார்த்திக்: 17% வரின்னா 10,000க்கு 1,700 மிச்சம்.

முருகன் மாமா: செல்வி, வரிக்குரிய லாபம் எவ்வளவு வருது?

செல்வி அக்கா: ஒன்றரை லட்சம் பக்கம் மாமா. கம்பெனி பதிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு.

முருகன் மாமா: 10,000க்கு மேல 2 லட்சம் வரைக்கும் பாதி லாபத்துக்கு வரிவிலக்கு இருக்கு. அதனால உனக்கு மிச்சமாகுறது 17% இல்ல, 8.5%தான். 10,000க்கு 850 வெள்ளி. பேங்க் கடன் என்ன வட்டி?

செல்வி அக்கா: 6% சொன்னாங்க.

ரவி: மாமா, என் கம்பெனி காருக்கும் இதே கணக்கா? லீஸ் எடுக்கலாம்னு இருக்கேன்.

முருகன் மாமா: S நம்பர் போட்ட தனியார் காரா? வாங்குனாலும் லீஸ் எடுத்தாலும் வரில கழிக்க முடியாது. சாமான் ஏத்துற வேன்னா முடியும்.

முருகன் மாமா: செல்வி, வட்டிக்கும் வரி குறையுறதால 6%ஐ 5.5%னு வச்சு, வருஷக் கடைசில பணம் போறதா போட்டேன். லீஸ் வருஷத்துக்கு 6,000, வரி போக 5,490. அஞ்சு வருஷத்தையும் அந்த வட்டியைக் கழிச்சு இன்னைய மதிப்புக்குக் கொண்டு வந்தா சுமார் 23,400. மாசா மாசம் கட்டுறதால நிஜத்துல இன்னும் கொஞ்சம் கூடும். வாங்குனா 30,000ல வரி மிச்சம் சுமார் 2,300 போக 27,700.

கார்த்திக்: அப்போ லீஸ்தான் மலிவு!

முருகன் மாமா: பழைய மெஷினை விக்குற காசைச் சேர்க்கலையே. வித்த பணத்துக்கும் வரி உண்டு, ஏன்னா முழு விலையையும் முன்னாடியே கழிச்சாச்சு. அஞ்சாம் வருஷம் 5,000க்குப் போனா இன்னைய கணக்குல 3,500தான். அப்போ வாங்குற செலவு 24,200, அப்பவும் லீஸ்தான் மலிவு. 6,100 கிட்ட போனா ரெண்டும் சமம்.

செல்வி அக்கா: உப்புத் தண்ணியும் மசாலாவுமா ஓடுற மெஷின் மாமா, 6,000க்கு யாரு எடுப்பாங்க?

கார்த்திக்: எட்டு வருஷம் ஓட்டுனா?

முருகன் மாமா: அப்போ கணக்கே மாறும். ஆறாம் வருஷத்துலேருந்து வாடகை இல்லாம ஓடும், ஆனா ரிப்பேர் உன் தலைல. செல்வி, அந்த 500ல சர்வீஸ் சேர்ந்திருக்கான்னு முதல்ல கேளு. நடுவுல கடையை மூடுனா பாக்கி மாசத்துக்கும் கட்டணுமான்னும் ஒப்பந்தத்துல பாரு.

செல்வி அக்கா: நாளைக்குக் கேக்குறேன். பழைய மெஷின் வாங்குறவங்ககிட்டயும் விலை விசாரிக்கிறேன்.