சோலார் போட்ட பிறகு வந்த பவர் ஃபேக்டர் அபராதம்: சேலம் பக்கத்து ஆலைகளின் அனுபவங்கள்

கருப்பூர் பராமரிப்பு

உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கூரையில் சோலார் போட்டவர்களும், போடப்போகிறவர்களும் கட்டாயம் படியுங்கள்.

எங்களுடையது உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. ஒரே ஷிப்ட். ஒப்பந்த டிமாண்ட் 300 கேவிஏ. எல்லா இயந்திரங்களும் ஓடும்போது லோடு 240 கிலோவாட். பல ஆண்டுகளாகப் பவர் ஃபேக்டர் 0.95 என்ற அளவிலேயே நின்றது. அபராதம் என்ற வரியே பில்லில் வந்ததில்லை.

போன கோடைக்கு முன் 200 கிலோவாட் சோலார் அமைத்தோம். யூனிட் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, மாதம் 30,000 அளவுக்கு வந்தது. ஆனால் அந்த முதல் பில்லிலேயே சராசரிப் பவர் ஃபேக்டர் 0.84. மின்னுகர்வுக் கட்டணத்தில் 9 சதவீதம் அபராதம். யூனிட்டுக்கு 7.50 ரூபாய் என்றால் 2,25,000 ரூபாய். அதில் 9 சதவீதம் 20,250 ரூபாய். புதிதாக ஒரு மோட்டாரும் வாங்கவில்லை, கப்பாசிட்டர் எதுவும் பழுதாகவில்லை. சோலார் அமைத்துக் கொடுத்த ஒப்பந்ததாரரைக் கேட்டால், "உங்கள் கப்பாசிட்டர் பழையது, மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிமாண்ட் கட்டணமும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இதே நிலைமையைச் சந்தித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

ஓமலூர் கணக்குப் பிரிவு

அபராதக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் நூற்பாலையில் பில் சரிபார்ப்பது என் வேலை. உயரழுத்தத்தில் 0.90 இருக்க வேண்டும். அதிலிருந்து 0.85 வரை இறங்கினால், இறங்கும் ஒவ்வொரு 0.01-க்கும் 1 சதவீதம். 0.85-க்குக் கீழே போய்விட்டால், 0.90-இலிருந்தே தொடங்கி ஒவ்வொரு 0.01-க்கும் ஒன்றரை சதவீதம். 0.75-க்கும் கீழே என்றால் 2 சதவீதம். நீங்கள் 0.85-இல் நின்றிருந்தால் 5 சதவீதம்தான். அந்தக் கடைசி 0.01 உங்களுக்கு 4 சதவீதம் கூடுதலாக வைத்திருக்கிறது. மாதக் கடைசி வாரத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஓரத்தில் நிற்பது தெரியும்.

டிமாண்ட் குறையாததற்கும் காரணம் பில்லிலேயே இருக்கிறது. மாதத்தில் பதிவான உச்ச டிமாண்டு, ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்களுக்கு 270 கேவிஏ என்பது தரைமட்டம். கேவிஏவுக்கு 608 ரூபாய் என்றால் 1,64,160 ரூபாய். நீங்கள் 120 கேவிஏ எடுத்தாலும் அதே தொகைதான்.

சூரமங்கலம் மின்பணி

தம்பி, உங்கள் கப்பாசிட்டர் மேல் பழி போடாதீர்கள். நடந்தது இதுதான்.

240 கிலோவாட் லோடு 0.95-இல் ஓடும்போது, கப்பாசிட்டர் ஈடுசெய்த பிறகும் ஏறக்குறைய 79 கேவிஏஆர் வாரியத்தின் கம்பியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அப்போது அது பெரிய அளவாகத் தெரியவில்லை. இப்போது நண்பகலில் சோலார் 150 கிலோவாட் கொடுக்கிறது என்று வையுங்கள். வாரியத்திடமிருந்து நீங்கள் எடுப்பது 90 கிலோவாட். ஆனால் உங்கள் இன்வெர்ட்டர் கிலோவாட் மட்டும்தான் கொடுக்கிறது, கேவிஏஆர் கொடுக்கவில்லை. அந்த 79 அப்படியே வாரியத்திடமிருந்து வருகிறது. 90-க்கு 79 என்றால் 120 கேவிஏ. பவர் ஃபேக்டர் 0.75. வாரியத்தின் மீட்டர் பார்ப்பது இதைத்தான். மாதம் முழுவதும் ஓடிய கிலோவாட் மணியைக் கேவிஏ மணியால் வகுப்பதால், காலையும் மாலையும் மேகமூட்டமும் சேர்ந்து உங்களை 0.84 வரை தூக்கிவிட்டிருக்கின்றன.

நேரில் உறுதிசெய்ய ஒரு வழி. வெயில் நன்றாக இருக்கும்போது வாரிய மீட்டரில் அந்த நேரத்துப் பவர் ஃபேக்டரைப் பாருங்கள். பிறகு சோலார் பிரேக்கரை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். 0.75 இருந்த இடத்தில் 0.95 வந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். டிமாண்ட் தரைமட்டத்துக்குள் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இரும்பாலை சாலை வார்ப்பாலை

நான் சொல்வது எளிது. இன்னும் 100 கேவிஏஆர் கப்பாசிட்டர் போடுங்கள். அபராதம் போகும், டிமாண்ட் குறையும், யூனிட்டும் குறையும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இன்னொன்று, எங்களுக்கு டிமாண்டை 15 நிமிடக் கணக்கில் எடுக்கிறார்கள். தூண்டல் உலை என்பதால் அப்படி. உங்களுக்கு அரை மணி நேரக் கணக்கு, நிம்மதி.

சூரமங்கலம் மின்பணி

ஐயா, அபராதம் போகும் என்பது சரி. மற்ற இரண்டும் இவருக்குப் பொருந்தாது. பவர் ஃபேக்டர் 0.95-இலிருந்து 0.99-க்கு ஏறினால், 253 கேவிஏ 242 ஆகும். ஆனால் இவர் 270-க்குக் கட்டணம் கட்டுகிறார். ஒப்பந்த டிமாண்டையே குறைத்தால் ஒழிய அதில் ஒரு காசும் மிஞ்சாது. யூனிட் குறைவது உள்கம்பியில் வீணாகும் சூட்டில் ஒரு சிறு பங்குதான்.

கப்பாசிட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தானியங்கி ரிலேக்கான மின்னோட்ட மாற்றி இவருக்குச் சோலார் இணையும் இடத்துக்கு உட்புறம், லோடு பக்கம் இருக்கும். அந்த ரிலேயின் கண்ணுக்கு லோடு இன்னும் 0.95-இல் நன்றாகத்தான் ஓடுகிறது. புதிதாக எத்தனை கப்பாசிட்டர் மாட்டினாலும் அது சேர்க்காது. மாற்றியை வாரிய மீட்டருக்கு அடுத்து, சோலாருக்கும் முன்னால் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோனால், சோலார் மிஞ்சி வெளியே போகும் நேரங்களில் திசை தலைகீழாகும். சாதாரண ரிலே அப்போது குழம்பிவிடும். நாலு திசையும் அறியும் ரிலே வேண்டும். 25 கேவிஏஆர் படிகள் மட்டும் இருந்தாலும் போதாது. 90 கிலோவாட்டில் ஒரு படி அதிகமானால் முன்புறம் சாய்ந்துவிடும். 5, 10 என்று சின்னப் படிகள் வேண்டும்.

அதற்குப் பதில் இன்வெர்ட்டரையே கேளுங்கள் என்பேன். 200 கேவிஏ இன்வெர்ட்டர் 150 கிலோவாட் கொடுக்கும்போது, கேவிஏஆர் கொடுக்க அதில் இடம் இருக்கிறது. அமைப்பில் நிலையான பவர் ஃபேக்டர் 0.90 என்று வைத்தால், 150 கிலோவாட்டுக்கு 73 கேவிஏஆர் தானாகக் கொடுக்கும். உங்களுக்கு வேண்டியது 79.

ஆத்தூர் சாலை ஜவ்வரிசி

எங்கள் நிலைமையையும் கேளுங்கள். கிழங்கு வரத்து உள்ள மாதங்களில்தான் ஆலை ஓடும். மற்ற மாதங்களில் இரவுக் காவலுக்கு விளக்கும் ஒரு தண்ணீர் மோட்டாரும்தான். அப்போதும் 90 சதவீத டிமாண்ட் கட்டணம் வருகிறது. கப்பாசிட்டர் போட்டால் இது குறையுமா?

ஓமலூர் கணக்குப் பிரிவு

குறையாதுங்க ஐயா. உங்கள் செலவுக்குக் காரணம் ஒப்பந்த டிமாண்ட்தான், பவர் ஃபேக்டர் அல்ல. கடந்த ஆண்டின் பன்னிரண்டு பில்களையும் எடுத்து, பதிவான டிமாண்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஓடும் மாதங்களிலேயே ஒப்பந்தத்துக்கு வெகு கீழே இருந்தால், குறைக்க விண்ணப்பிப்பதில் பொருள் இருக்கிறது. ஓடும் மாதத்தில் முழுவதும் எடுக்கிறீர்கள் என்றால் குறைக்காதீர்கள். ஒப்பந்தத்தைத் தாண்டிய ஒவ்வொரு கேவிஏவுக்கும் இரட்டைக் கட்டணம்.

ஏற்காடு காபித் தோட்டம்

எங்கள் பழக்கொட்டை உரிக்கும் கொட்டகையில் தாழ்வழுத்த இணைப்புதான். மோட்டார்கள் மூன்று. கூரையில் சோலார் போட யோசிக்கிறோம். எங்களுக்கும் இந்தத் தொல்லை வருமா?

சூரமங்கலம் மின்பணி

தாழ்வழுத்தத் தொழில் இணைப்பில் எல்லை 0.85. கணக்கு வேறு, காரணம் ஒன்றுதான். சோலார் கிலோவாட்டைக் குறைக்கும். மோட்டார் கேட்கும் கேவிஏஆர் குறையாது. உங்களுக்கு ஒவ்வொரு மோட்டாரின் ஸ்டார்ட்டரோடும் அதற்குரிய கப்பாசிட்டரைச் சேர்த்துவிட்டால் போதும். மோட்டார் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

கருப்பூர் பராமரிப்பு

மின்பணி ஐயா சொன்னபடி பிரேக்கரை அணைத்துப் பார்த்தோம். 0.76 இருந்தது, அணைத்ததும் 0.95. அந்த இடத்திலேயே விடை கிடைத்துவிட்டது.

ஒப்பந்ததாரரை வரவழைத்து இன்வெர்ட்டரில் 0.90 வைக்கச் சொன்னோம். வைத்ததும் வாரிய மீட்டரில் 0.51 காட்டியது! எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. அந்த அமைப்பில் கொடுப்பது, எடுப்பது என இரண்டு பக்கம் உண்டு. அவர் எடுக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறார். இன்வெர்ட்டரும் 73 கேவிஏஆர் எடுத்து, மொத்தம் 152 ஆகிவிட்டது. மறுபக்கம் மாற்றியதும் 0.99-க்கு மேல் வந்தது. ஆகவே நண்பர்களே, இந்த மாற்றத்தைத் தொலைபேசியில் சொல்லிச் செய்ய வைக்காதீர்கள். ஒருவர் மீட்டர் முன் நிற்க வேண்டும்.

மேகம் வந்து சோலார் 40 கிலோவாட்டுக்கு இறங்கும்போது 0.96 காட்டுகிறது. அது போதும். வெயில் உச்சத்தில் சோலார் 180 கிலோவாட்டுக்கு மேல் ஏறுவதில்லை; கேவிஏஆருக்கு இடம் விட்டதற்கு அது விலை. எங்கள் கூரையில் அந்த அளவு வருவதே அரிது என்பதால் ஏற்றுக்கொண்டோம்.

இரும்பாலை சாலை வார்ப்பாலை

நல்லது. ஆனால் பழைய கப்பாசிட்டர்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 440 வோல்ட் 25 கேவிஏஆர் கப்பாசிட்டர், 415 வோல்ட்டில் ஒரு பேஸுக்கு 31 ஆம்பியர் அளவு எடுக்க வேண்டும். டாங் டெஸ்டரில் 20 காட்டினால் அது பெயருக்குத்தான் இருக்கிறது. எங்களிடம் வரிசையில் பாதி அப்படித்தான் இருந்தது. மின்னணு டிரைவ்கள் அதிகம் உள்ள இடத்தில் கப்பாசிட்டர் சீக்கிரம் வீங்கும்; ரியாக்டரோடு சேர்ந்தது வாங்குங்கள்.

சூரமங்கலம் மின்பணி

இது சரியான அறிவுரை. கருப்பூர் தம்பி, ஞாயிறன்று ஆலை நின்றிருக்கும்போது இன்வெர்ட்டர் 0.90-இலேயே இருந்தால் கேவிஏஆரை வாரியத்துக்குத் தள்ளும். விடுமுறை நாளுக்கு 1.00 என்று நேர அட்டவணை வையுங்கள். ரிலேயின் மாற்றியை இப்போது இடம் மாற்றாதீர்கள். மாற்றினால், மேகம் வந்துபோகும்போதெல்லாம் இன்வெர்ட்டரின் கேவிஏஆர் ஏறி இறங்க, ரிலே படிகளைச் சேர்த்தும் விடுவித்தும், காண்டாக்டர் ஓயாமல் அடித்துக்கொள்ளும்.

ஓமலூர் கணக்குப் பிரிவு

முன்புறம் சாயும் பவர் ஃபேக்டரை மீட்டர் கணக்கில் எடுக்கிறதா என்பதில் எங்கள் வட்டாரத்திலேயே இரண்டு கருத்து இருக்கிறது. எங்கள் மீட்டரில் அது 1.00 என்றே பதிவாகிறது. பக்கத்து ஆலைக்காரர், தங்களுக்குக் கேவிஏ மணி கூடுகிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையும் மாலையும் இரண்டு அளவுகளையும் குறித்துப் பாருங்கள்.

கருப்பூர் பராமரிப்பு

குறிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த மாத பில் 0.98 என்று வந்துவிட்டது. அபராத வரி இல்லை. டிமாண்ட் விஷயத்தில்தான் முதலாளிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. சோலார் இருப்பதால் ஒப்பந்தத்தை 200 கேவிஏவாகக் குறைத்துவிடலாம் என்கிறார் அவர். ஐப்பசி மழையில் ஒரே ஒரு அரை மணி நேரம் சோலார் படுத்துவிட்டால் இன்வெர்ட்டரின் கேவிஏஆரும் நின்று, 253 கேவிஏ பதிவாகும். மேலே உள்ள 53-க்கும் இரட்டைக் கட்டணம், 64,448 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மழை மாதங்களின் பதிவு கையில் வரட்டும், அதன்பிறகு 270-ஆ 280-ஆ என்று பேசலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறோம்.