மீன்கொத்தியின் அலகு நீரைத் தொட்ட ஒரு ஃபிரேம்

நீர்க்கரை

மீன்கொத்தி நீருக்குள் பாயும் காணொளி ஒன்றை நேற்று முடித்தேன். அலகின் நுனி நீரைத் தொட்டிருக்கும், ஆனால் தெறிப்பு இன்னும் எழுந்திருக்காது. அப்படி ஒரே ஒரு ஃபிரேம்தான் இருக்கிறது. அதைத்தான் தம்ப்நெயிலாக வைப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறேன். எடிட்டிங் மென்பொருளில் அந்த இடத்தில் நிறுத்தியபோது 00:01:12:15 என்று காட்டியது. காணொளி நொடிக்கு 25 ஃபிரேம். ஏற்றுமதி செய்த கோப்பில் இப்படிக் கொடுத்தேன்:

```
ffmpeg -ss 72.15 -i paravai.mp4 -frames:v 1 padam.png
```

வந்த படத்தில் பறவை இன்னும் காற்றில் இருக்கிறது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் அதே படம். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

விரைவுநாடா

எனக்கு நடந்தது. நீங்கள் -ss என்பதை -i க்கு முன்னால் வைத்திருக்கிறீர்கள். அப்படி வைத்தால் அருகிலுள்ள கீஃபிரேமுக்குத் தாவிவிடும், கேட்ட இடம் கிடைக்காது. -i க்குப் பின்னால் வையுங்கள். மூன்று மணி நேரப் பதிவு ஒன்றிலிருந்து நாற்பது படங்கள் எடுக்க வேண்டியிருந்தபோது இப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு படத்துக்கும் நெடுநேரம் காத்திருந்தேன் என்றாலும் எல்லாம் சரியாக வந்தன.

நீர்க்கரை

மாற்றிப் பார்த்தேன். அதே படம்தான் வருகிறது, இறக்கையின் மடிப்புகூட மாறவில்லை.

பழைய எடிட்டர்

மாறாது. விரைவுநாடா சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 2013-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து, -ss முன்னால் இருந்தாலும் ffmpeg கீஃபிரேமுக்குத் தாவி, அங்கிருந்து கேட்ட நொடிவரை ஃபிரேம்களை விரித்து, இடையில் உள்ளவற்றை எறிந்துவிட்டுச் சரியான இடத்தில்தான் படம் எடுக்கிறது. கீஃபிரேமில் சிக்குவது, காணொளியை மறுகுறியாக்கம் செய்யாமல் -c copy போட்டு வெட்டும்போதுதான். படம் எடுக்கும்போது எப்படியும் விரித்தாக வேண்டும் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஐயா, அந்த நாற்பது படங்களுக்கும் நீங்கள் காத்திருந்திருக்கவே வேண்டாம். பின்னால் வைத்தால் கோப்பின் தொடக்கத்திலிருந்தே விரித்துக்கொண்டு வரும்.

நீர்க்கரையின் பிழை கட்டளையில் இல்லை, எண்ணைப் படித்த விதத்தில் இருக்கிறது. 00:01:12:15 என்பதில் கடைசி 15 நொடியின் பின்னம் அல்ல, ஃபிரேமின் எண். 72-ஆம் நொடி தொடங்கியபின் பதினைந்து ஃபிரேம்கள் கடந்த இடம் அது. 15-ஐ 25-ஆல் வகுத்தால் 0.6. ஆக உங்களுக்கு வேண்டியது 72.6. நீங்கள் 72.15 கேட்டதால் 72.16-இல் நிற்கும் ஃபிரேம் வந்தது. இரண்டுக்கும் இடையே பதினொரு ஃபிரேம்கள். மீன்கொத்தி அந்த நேரத்தில் வெகுதூரம் போய்விடும்.

நான் நேராக 72.6 என்று கொடுக்கமாட்டேன், 72.58 கொடுப்பேன். காரணம், கேட்ட நேரத்திலோ அதற்குப் பிறகோ வரும் முதல் ஃபிரேமைத்தான் ffmpeg எடுக்கும். மயிரிழை தாண்டினாலும் அடுத்ததற்குப் போய்விடும். அரை ஃபிரேம் முன்னால் நின்றுகொண்டால் அந்தப் பயம் இல்லை.

இரவுப்பணி

அந்த மயிரிழையில் ஓர் இரவு முழுவதும் போனது எனக்கு. என் கோப்பு 29.97. அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் 1001/30000 நொடி. எடிட்டரில் அதே 00:01:12:15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 72-ஐ 30-ஆல் பெருக்கி 15 கூட்டினால் 2175-ஆவது ஃபிரேம். அதன் நேரம் 72.5725 நொடி. நான் மூன்று இலக்கம் போதும் என்று 72.573 எனக் கொடுத்தேன். அரை மில்லிநொடிதான் கூடுதல், ஆனாலும் ஒவ்வொரு முறையும் 2176-ஆவது ஃபிரேம்தான் வந்தது. ஓட்டக்காரரின் மார்பு நாடாவைத் தொடும் கணம் எனக்கு வேண்டும், கிடைத்ததில் நாடா ஏற்கெனவே அறுந்திருந்தது. அரை ஃபிரேம் குறைத்து 72.556 கொடுத்தபிறகுதான் சரியானது.

இன்னொன்றும் கவனியுங்கள். 29.97-இல் கடைசி எண்ணுக்கு முன் அரைப்புள்ளி இருந்தால் கணக்கு வேறு. ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாவிவிடுவார்கள், பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாவுவதில்லை. அப்போது இதே எண் குறிப்பது 2173-ஆவது ஃபிரேமை.

வலைநெசவு

எனக்கு இங்கே குழப்பமாக இருக்கிறது. நான் உலாவிக்குள்ளேயே currentTime வைத்து, படத்தை canvas-இல் வரைந்து எடுக்கிறேன். சரியான நேரத்தைக் கொடுத்தால் முந்தைய ஃபிரேம் வருகிறது என்பதால் அரை ஃபிரேம் கூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டினேன், சரியாகவும் வருகிறது. நீங்கள் குறைக்கச் சொல்கிறீர்களே?

பழைய எடிட்டர்

இரண்டும் சரி. உலாவி ஒரு பிளேயர். அந்த நொடியில் திரையில் எது இருக்குமோ அதைக் காட்டும், அதாவது அந்த நேரத்திலோ அதற்கு முன்போ தொடங்கிய ஃபிரேமை. எனவே ஃபிரேமின் நடுவில் போய் நிற்க நீங்கள் கூட்ட வேண்டும். ffmpeg வரப்போவதை எடுக்கும், அதனால் நாங்கள் குறைக்கிறோம். ஒரே எண்ணை இரண்டிலும் கொடுத்து ஒப்பிடாதீர்கள். அத்துடன், seeked நிகழ்வு வரும்வரை காத்திருந்துதான் வரைகிறீர்களா?

வலைநெசவு

காத்திருக்கிறேன். மேசைக்கணினியில் எப்போதும் சரி. கைபேசி உலாவியில் சில கோப்புகளுக்கு மட்டும் இன்னும் ஒரு ஃபிரேம் பின்தங்குகிறது.

மூன்றாம்வரிசை

என் சிக்கலும் இதுதான். சரியான இடத்தில் எடுத்தும் படம் தெளிவாக வருவதில்லை. என் மகள் ஆடும்போது கை மட்டும் புகைபோல் தெரிகிறது. எந்த நொடியைக் கொடுத்தால் தெளிவாக வரும்?

இரவுப்பணி

உங்கள் கேள்வி வேறு, அம்மா. முகமும் பின்னணியும் கூர்மையாக இருந்து கை மட்டும் புகைந்தால், அது கேமராவில் பதிவான மங்கல். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் கை நகர்ந்திருக்கிறது. எந்தக் கட்டளையும் அதை மீட்காது. ஆனால் ஆட்டத்தில் கை திசைமாறும் இடத்தில் ஒரு கணம் நின்றுதான் திரும்பும். அந்த இடத்தைச் சுற்றி இருபது ஃபிரேம்களை மொத்தமாக எடுத்து, கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்:

```
ffmpeg -ss 41.2 -i aattam.mp4 -frames:v 20 p_%02d.png
```

படம் முழுவதும் கட்டம்கட்டமாக இருந்தால் மட்டும் அது சேமிப்பின் குறை. jpg-க்குப் பதில் png-இல் சேமியுங்கள், அல்லது `-q:v 2` சேர்த்துக்கொள்ளுங்கள்.

விரைவுநாடா

என் பழைய முறையைக் கைவிடுகிறேன். ஆனால் கைபேசிக் காணொளிகளில் இந்த வகுத்தல் கணக்கு எனக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. 30 என்று சொல்லும் கோப்பில் 300-ஆவது ஃபிரேம் 10-ஆம் நொடியில் இல்லை.

பழைய எடிட்டர்

பல கைபேசிகள் சீரான இடைவெளியில் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் இடைவெளி நீளும். அங்கே கணக்குப் போடாமல் கோப்பையே கேட்டுவிடுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -read_intervals 40%42 -show_entries frame=best_effort_timestamp_time -of csv=p=0 aattam.mp4
```

பட்டியல் 40-க்குச் சற்று முன்னால், கீஃபிரேமிலிருந்து தொடங்கும். வேண்டிய ஃபிரேமின் நேரத்துக்கும் அதற்கு முந்தையதற்கும் நடுவில் ஒரு எண்ணைக் கொடுங்கள்.

நீர்க்கரை

72.58 கொடுத்தேன். அலகு நீரில் இருக்கிறது, நீர்ப்பரப்பில் ஒரு சின்னக் குழி மட்டும் விழுந்திருக்கிறது, ஒரு துளிகூட எழவில்லை. சரிபார்க்க 72.62-ம் எடுத்தேன். அதில் பறவையே தெரியவில்லை, தெறிப்பு மூடிவிட்டது.