குழுப்படத்தின் பின்னணியை மாற்றும்போது முடி ஓரத்தில் வெள்ளைக் கோடு: உதவி தேவை

நண்பர்களே, மூன்று வரிசையாக நிற்கும் குழுப்படம் ஒன்றில் வெள்ளைச் சுவரை நீக்கிக் கருநீலப் பின்னணி வைக்கிறேன். போட்டோஷாப்பின் Select and Mask-இல் Feather 0.5 பிக்சல் வைத்தால் தோள்கள் கச்சிதமாக வருகின்றன. தலைமுடியைச் சுற்றி மட்டும் வெள்ளைக் கோடு தெரிகிறது. Refine Edge Brush-ஆல் முடியைத் தேய்த்தால், அது பின்வரிசைக்காரரின் சட்டைமீது விழும் இடத்தில் சட்டையே ஓட்டையாகிவிடுகிறது. அங்கே மாஸ்க்கில் வெள்ளை தீட்டி மீட்டுக்கொள்ள முடிகிறது.

தலைகளுக்கு நடுவே முக்கோணமாக எட்டிப்பார்க்கும் சுவர்த் துண்டுகள்தான் பெரும் தொல்லை. ஒருபுறம் முடி, மறுபுறம் தோள். இரண்டுக்கும் தனித்தனி மாஸ்க் போடுவதா? ஒரே மாஸ்க்கோடு, மேலே கிளிப் செய்த Darken லேயரில் முடியின் நிறத்தைத் தீட்டுவதா? இரண்டையும் செய்து பார்த்தவர்கள், எது இயல்பாக வந்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.