ஆறு பக்கமும் வெள்ளையா வந்த ஸ்டாக் லிஸ்ட், மறுபடி சரியா அனுப்பச் சொல்லி நான் எழுதின லெட்டர்

கூடலூர் ரெயின்கோட் கடை

இது நடந்து ரெண்டு சீசன் ஆச்சு, இன்னும் மனசுல உறுத்துது, அதான் எழுதறேன். எங்க ஊர்ல ஜூன் பொறந்தா மழை எப்படின்னு உங்களுக்கே தெரியும், மே கடைசிக்குள்ள கம்பூட், படுதா, பிள்ளைங்க ரெயின்கோட் எல்லாம் கடைல இறங்கிடணும். கோயமுத்தூர் மொத்தக் கடையில இருந்து 26ஆம் தேதி சாயங்காலம் வாட்ஸ்அப்ல லிஸ்ட் வந்துச்சு, ஆறு பக்க பிடிஎஃப், தொறந்தா ஆறும் வெள்ளை. போன் போட்டேன், "லிஸ்ட் தெரியலண்ணே"ன்னு சொன்னேன், அந்தப் பையன் "அனுப்பிட்டமேண்ணா, ப்ளூ டிக் கூட வந்துருச்சே"ன்னு அதே ஃபைலையே திரும்ப ஃபார்வேர்ட் பண்ணினான். மறுநாளும் கேட்டேன், மறுபடியும் அதேதான்.

அன்னிக்கு ராத்திரி கடைய சாத்திட்டு உக்காந்து செல்லுல வெளிச்சத்த முழுசா ஏத்தி ஒவ்வொரு பக்கமா பெருசாக்கிப் பாத்தேன். வலது மேல் மூலைல சின்னதா ரெண்டு புள்ளி. ஆறு பக்கத்துலயும் அதே இடம். மேசைக்குள்ள இருந்த அவங்க பழைய பில்லுக் கட்ட எடுத்தேன், பின் அடிச்சிருந்தது இடது மூலைல. அப்படியே பில்லத் திருப்பினேன், பின்பக்கத்துல இருந்து பாத்தா அந்த பின்னு வலது மூலைக்கு வந்துருச்சு! அப்பதான் புரிஞ்சுது, ஃபைல் கெட்டுப் போகல, பேப்பரோட முதுகத்தான் ஸ்கேன் பண்ணி அனுப்பிருக்காங்க.

இனி போன்ல சொல்லிப் பிரயோஜனமில்லன்னு முதலாளி பேருக்கே லெட்டர் எழுதி காலைல படம் எடுத்து அவர் நம்பருக்கு அனுப்பினேன்:

"ஐயா, 26ஆம் தேதி தாங்கள் அனுப்பிய ஸ்டாக் லிஸ்ட் வந்து சேர்ந்தது. ஆறு பக்கமும் இருக்கிறது, எதிலும் எழுத்து இல்லை. என் செல்லிலும் பக்கத்து ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரிலும் பார்த்துவிட்டேன், இரண்டிலும் வெள்ளைதான். எல்லாப் பக்கத்திலும் வலது மேல் மூலையில் பின் அடித்த துளை தெரிகிறது. நீங்கள் இடது மூலையில்தான் பின் அடிப்பீர்கள். அதனால் பேப்பரின் பின்பக்கம் ஸ்கேன் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அதே ஃபைலை மறுபடி அனுப்ப வேண்டாம். பேப்பரைத் திருப்பி வைத்து, முதல் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். தெரிகிறது என்று நான் சொன்ன பிறகு மீதியை அனுப்பலாம். முடியாவிட்டால் செல்லில் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். ஆர்டர் கொடுக்க நீங்கள் சொன்ன மூன்று நாள் கெடுவை, படிக்கக்கூடிய லிஸ்ட் கைக்கு வரும் நாளிலிருந்து கணக்கு வைக்க வேண்டுகிறேன்."

அரை மணி நேரத்துல முதல் பக்கம் வந்துச்சு, தெளிவா. புது மெஷின் வாங்கிருக்காங்க. பழசுல கண்ணாடி மேல எழுத்த குப்புற வைக்கணும், புதுசுல மேல் தட்டுல எழுத்து மேல பாக்க வைக்கணும், பையன் பழக்கத்துல குப்புறவே வெச்சுட்டான். ஆனா தோட்டத்துக்குப் போற பொம்பளைங்க போடற 5, 6 சைஸ் கம்பூட் அதுக்குள்ள தீந்துபோச்சு. அந்த மழைக்கு எத்தனை பேர வெறுங்கையோட திருப்பி அனுப்பினேன்னு நெனச்சா இப்பவும் வலிக்குது.

குன்னூர் மொபைல் சர்வீஸ்

அண்ணே இது பெரும்பாலும் செல்லுல இருக்கற பிடிஎஃப் ஆப் பிரச்சனைதான், அப்டேட் பண்ணினா வந்துரும். என்கிட்ட ஒரு பேக்கரிக்காரர் இப்படித்தான் கொண்டு வந்தார், செல்லுல வெள்ளை, கம்ப்யூட்டர்ல தொறந்தா மைதா ரேட்டுல இருந்து எல்லாம் இருந்துச்சு. பிரிண்ட் மட்டும் வெள்ளையா வந்தா அடோபி ரீடர்ல பிரிண்ட் கொடுக்கும்போது `Advanced` உள்ள போயி `Print As Image` டிக் பண்ணிப் பாருங்க.

கூடலூர் ரெயின்கோட் கடை

தம்பி, ரெண்டு எடத்துல தொறந்து பாத்தேன்னு லெட்டர்லயே எழுதிருக்கேனே. ஒண்ணுல தெரிஞ்சு ஒண்ணுல தெரியலன்னா நீ சொல்றது சரி, அது நம்ம பக்கத்துக் கோளாறு. ரெண்டுலயும் வெள்ளைன்னா அனுப்பினவங்க பக்கம்தான் பாக்கணும். அதனாலதான் அந்த வரிய எழுதினேன், இல்லன்னா அவங்களும் உன்ன மாதிரியே "ஆப்ப மாத்துங்க"ன்னு சொல்லி இன்னொரு நாள் போயிருக்கும்.

கொடைக்கானல் பழைய ஸ்டேஷனரி

இந்தத் தப்பு ஃபேக்ஸ் காலத்துலயே உண்டு தம்பி. மதுரைல இருந்து எனக்கு நோட்டுப் புக் லிஸ்ட் ஃபேக்ஸ்ல வரும், ஒரு தடவ நாலு பக்கம் வெள்ளையா வந்துச்சு. அவங்க கைல "ஓகே"ன்னு ரிப்போர்ட் இருக்கு. அந்த ஓகே பக்கம் போய்ச் சேந்துச்சுன்னு சொல்லுமே தவிர அதுல எழுத்து இருந்துச்சான்னு சொல்லாது. நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, ஒவ்வொரு பக்கத்து உச்சிலயும் அவங்க நம்பர், தேதி, பக்க எண் எல்லாம் ஒரு வரியா அச்சாகியிருந்துச்சு. அந்த வரி இருந்தா நம்ம மெஷின் நல்லா இருக்கு, அவங்க பேப்பரத் தப்பாப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அந்த வரியே இல்லன்னா நம்ம ரோல தலைகீழா மாட்டிருக்கோம்னு சந்தேகப்படணும். ரோல்ல ஒரு பக்கம்தான் மருந்து பூசியிருக்கும், நகத்தால அழுத்திக் கீறினா கறுப்புக் கோடு விழற பக்கம் அது. எங்க பையன் ஒருக்கா அப்படி மாட்டிட்டான், நான் மதுரைக்காரர போன்ல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவர் கோவிச்சுக்கவே இல்ல, மெதுவா "உச்சில என் நம்பர் விழுந்திருக்கா பாருங்கண்ணே"ன்னு கேட்டார். இப்ப அவர் இல்ல. அன்னிக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

ஊட்டி தைலக் கடை

எனக்கும் இதே ஆச்சுங்க, சப்ளையர் கொடுத்த பில்லு ஆறு மாசத்துல வெள்ளையாப் போச்சு, ஆடிட்டர் கேக்கும்போது கைல வெறும் தாள். பிளாஸ்டிக் கவர்ல போட்டு பத்திரமா வெச்சதே தப்புன்னு அப்புறம் சொன்னாங்க. இப்ப வாங்கின அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கறேன்.

கொடைக்கானல் பழைய ஸ்டேஷனரி

அது வேறம்மா. உங்களுது எழுத்து இருந்து அழிஞ்சது, அவருது எழுத்தே வராதது. ஆனா ஜெராக்ஸ் எடுக்கறது நல்ல பழக்கம்.

கோத்தகிரி கம்பளிக் கடை அக்கா

நான் கேக்கறது ஒண்ணுதான் தம்பி, இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய லெட்டரு? எனக்கு இப்படி ஆனப்ப "அக்காவுக்கு ஸ்வெட்டர் லிஸ்ட் வாசிச்சுக் காட்டுடா"ன்னு சொல்லி போன்லயே எழுதிக்கிட்டேன், பத்து நிமிஷம். ஆனா லெட்டர்னு எழுதினா ஒண்ணு கவனிங்க, "லிஸ்ட் வரல"ன்னு மட்டும் எழுதிடாதீங்க. வரலன்னா அவங்க அதே ஃபைலத்தான் தட்டி விடுவாங்க. வந்துச்சு, ஆனா வெள்ளைன்னு எழுதணும், எத்தனை பக்கம்னு எழுதணும். அந்த வெள்ளைப் பக்கத்தையும் ஒண்ணு படம் எடுத்து கூடவே வைக்கணும், இவர் அதச் செய்யல. எந்த சாமான் அவசரமோ அதத் தனியா மேல எழுதி, "லிஸ்ட் வர்ற வரைக்கும் இத மட்டும் எடுத்து வைங்க"ன்னு கேட்டிருக்கணும். கம்பூட்டு கைய விட்டுப் போனது அந்த ஒரு வரி இல்லாததாலதான்னு நான் சொல்லுவேன்.

கூடலூர் ரெயின்கோட் கடை

அக்கா, உங்க ஸ்வெட்டரு இருபது ஐட்டம் இருக்கும், என் லிஸ்ட்டு சைஸோட முந்நூறு வரி, போன்ல எழுதினா 8க்கு 6ன்னு விழும், அப்புறம் மாத்தித் தரமாட்டாங்க. ஆனா எடுத்து வைக்கச் சொல்ற வரி, நீங்க சொன்னது சரிதான், எனக்கு அப்ப தோணல. இன்னொண்ணும் தீரல. நான் கேட்ட மாதிரி கெடுவ நீட்டினாங்க, ஆனா படுதா ரேட்ட மட்டும் புது ரேட்டுல போட்டுட்டாங்க. வெள்ளையா வந்த லிஸ்ட்டுல பழைய ரேட்டுதான் இருந்துச்சுன்னு பையனே ஒத்துக்கிட்டான், முதலாளி "நீங்க பாக்காத ரேட்ட எப்படிக் கேப்பீங்க"ன்னாரு. இதுல யார் பக்கம் நியாயம், யாருக்காவது இப்படி ஆகியிருந்தா எழுதுங்க.