ரூப்ரிக் மதிப்பெண்ணுக்கும் ஓராண்டு அப்ரைசலுக்கும் ஒட்டுறவு 0.11 தான் வருகிறது. ரூப்ரிக்கைத் தூக்கிவிடலாமா?

கோவைக்காரி:
வணக்கம். கோவையில் ஒரு கஸ்டமர் சப்போர்ட் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலையைப் பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளாக முதல்கட்டத் தேர்வுக்கு ஒரு ரூப்ரிக் வைத்திருக்கிறோம். ஐந்து அம்சங்கள்: ஆங்கிலப் பேச்சு, எழுத்து, சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது, பொறுமை, முன்னனுபவம். ஒவ்வொன்றுக்கும் 5, மொத்தம் 25. பதினாறும் அதற்கு மேலும் எடுத்தவர்கள்தான் இறுதி நேர்காணலுக்குப் போவார்கள்.

இதுவரை 410 பேருக்கு மதிப்பெண் போட்டிருக்கிறோம். அதில் 64 பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஓராண்டு முடித்து அப்ரைசல் வாங்கியவர்கள் 47 பேர். அந்த 47 பேரின் ரூப்ரிக் மொத்தத்தையும் அப்ரைசலையும் எக்செலில் `CORREL` போட்டுப் பார்த்தேன். 0.11 வந்தது. ஆங்கிலப் பேச்சை மட்டும் தனியாகப் பார்த்தால் மைனஸ் 0.20.

மேலாளர், "இதற்குப் பதில் சீட்டுக் குலுக்கிப் போட்டே ஆள் எடுத்திருக்கலாமே" என்கிறார். இரண்டு ஆண்டு உழைப்பு இது. உண்மையிலேயே பயனில்லை என்றால் விட்டுவிடத் தயார். ஆனால் நான் கணக்குப் போட்ட விதமே தவறோ என்று சந்தேகமாக இருக்கிறது.

தேர்வறை:
மேடம், மதிப்பெண் போடுகிறவர்கள் எத்தனை பேர்? எங்கள் கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு இதே சிக்கல் வந்தது. ஒருவர் தாராளமாகப் போடுவார், இன்னொருவர் பிடித்துப் போடுவார். ஒரே விண்ணப்பத்தை இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் அதிகமிருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

கோவைக்காரி:
நன்றி சார். மூன்று பேர் போடுகிறோம், அதையும் பார்க்கிறேன். ஆனால் என் கேள்வி, போட்ட மதிப்பெண் பின்னால் வேலையில் எப்படி இருப்பார்கள் என்பதைச் சொல்கிறதா என்பது.

பழையகோப்பு:
தேர்வறை சொன்னது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்றாலும் ஒதுக்கிவிடாதீர்கள். மதிப்பெண்ணே ஆளுக்கு ஆள் ஆடினால் அது எதையும் சரியாகக் கணிக்காது.

இப்போது 0.11 விஷயம். உங்களிடம் 410 பேரின் மதிப்பெண் இருக்கிறது, ஆனால் ஒட்டுறவு பார்த்தது 47 பேருக்கு. அந்த 47 பேரும் 16-க்கு மேல். 8, 10, 12 வாங்கியவர்கள் உங்களிடம் வேலை செய்யவே இல்லை. அவர்கள் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருப்பார்கள் என்பது உங்கள் தரவில் எங்கும் கிடையாது. மாவட்ட அணிக்குத் தேர்வான ஓட்டக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு, உயரத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது போலத்தான் இது. வீச்சு சுருங்கிவிட்டால் ஒட்டுறவும் சுருங்கும்.

410 பேரின் மொத்த மதிப்பெண்ணுக்கும், அந்த 47 பேரின் மொத்த மதிப்பெண்ணுக்கும் திட்ட விலக்கம் தனித்தனியாக எவ்வளவு என்று சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. 64-ல் 47 போக மீதி 17 பேர் எங்கே? ஏன் போனார்கள்?

கணக்குப்பிள்ளை:
அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆங்கிலம் மைனஸில் வருகிறது, அதை எடுத்துவிடுங்கள். மீதி நான்கையும் ரிக்ரஷனில் போட்டு, எது எவ்வளவு பங்களிக்கிறதோ அதற்கேற்ற எடை கொடுங்கள். ஒட்டுறவு தானாக ஏறும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

பழையகோப்பு:
ஏறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 47 பேருக்குத்தான் ஏறும். 47 பேரை வைத்து எடைகளைக் கண்டுபிடித்து, அதே 47 பேரிடம் சோதித்தால் எப்போதும் நன்றாகத்தான் தெரியும். அடுத்த ஆண்டு சேருகிறவர்களிடம் அந்த எடைகள் நிற்காது. இவ்வளவு சிறிய கூட்டத்தில் எல்லா அம்சத்துக்கும் ஒரே எடை வைப்பதுதான் பாதுகாப்பு.

ஆங்கிலத்தை எடுப்பதில் அவசரம் வேண்டாம். 16 என்ற கோட்டை வைத்து யோசியுங்கள். ஆங்கிலத்தில் 5 வாங்கியவர் மற்ற நான்கிலும் சேர்த்து 11 வாங்கினாலே உள்ளே வந்துவிடுவார். ஆங்கிலத்தில் 2 வாங்கியவருக்கு மற்ற நான்கிலும் 14 வேண்டும். ஆகவே, ஆங்கிலம் குறைவாக இருந்தும் உள்ளே வந்தவர்கள் பொறுமையிலும் சிக்கலைப் பிரிப்பதிலும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்பதால் ஆங்கிலம் கெடுதல் என்று ஆகாது. கோடுதான் அந்த மைனஸை உண்டாக்குகிறது.

கணக்குப்பிள்ளை சொன்ன ரிக்ரஷன் இந்த இடத்தில் உதவும். எடை வைக்க அல்ல, குறி மாறுகிறதா என்று பார்க்க. ஐந்தையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள், ஆங்கிலத்தை விடாமல்.

கணக்குப்பிள்ளை:
11-க்கும் 14-க்கும் உள்ள விஷயத்தை நான் யோசிக்கவில்லை. சரிதான். எடை பற்றி மட்டும் எனக்கு முழு சம்மதமில்லை, முன்னனுபவத்துக்கும் பொறுமைக்கும் ஒரே எடை என்பது மனசுக்கு ஒப்பவில்லை.

விற்பனைமணி:
எங்கள் கதையைச் சொல்கிறேன். மருந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கு இதே மாதிரி ஒப்பிட்டுப் பார்த்தோம். மாத விற்பனைத் தொகையை வைத்து "செயல்திறன்" என்று எடுத்துக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, பெரிய மருத்துவமனைகள் இருக்கும் ஏரியா கிடைத்தவன் எல்லாம் மேலே, கிராமப்புற ஏரியா கிடைத்தவன் எல்லாம் கீழே. ஆளை அளக்கவில்லை, ஏரியாவை அளந்திருக்கிறோம். அக்கா, உங்கள் அப்ரைசல் எதை அளக்கிறது என்று ஒரு முறை திறந்து பாருங்கள்.

கோவைக்காரி:
இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்தேன்.

விற்பனைமணி சொன்னது எங்களுக்கும் பொருந்துகிறது. 47 பேரில் 36 பேருக்கு அப்ரைசல் 4. மூன்று டீம் லீடில் ஒருவர் தன் குழுவில் எல்லோருக்குமே 4 போட்டிருக்கிறார். இன்னொன்று எனக்கே அதிர்ச்சி: அப்ரைசல் படிவத்தின் மேல் மூலையில் "சேர்க்கை மதிப்பெண்" என்று ரூப்ரிக் மொத்தம் அச்சாகி வருகிறது. டீம் லீட் அதைப் பார்த்துக்கொண்டேதான் போடுகிறார். இது இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை.

போன 17 பேர்: எட்டுப் பேர் மேல்படிப்பு, கல்யாணம், வேறு வேலை என்று போனார்கள். ஒன்பது பேர் ஆறு மாதத்துக்குள் பயிற்சி முடிவுத் தேர்வில் தேறாமல் அனுப்பப்பட்டவர்கள். அந்த ஒன்பது பேரில் ஏழு பேருடைய ரூப்ரிக் மொத்தம் 16 அல்லது 17. 64 பேரில் மொத்தம் 24 பேர்தான் 16, 17 வாங்கியவர்கள்.

திட்ட விலக்கம்: 410 பேருக்கு 4.2, 47 பேருக்கு 1.9. ரிக்ரஷனில் ஐந்தையும் போட்டால் ஆங்கிலத்தின் மைனஸ் கிட்டத்தட்ட சுழிக்கு வந்துவிட்டது.

பழையகோப்பு:
மேலாளரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்த ஒன்பது பேரைத்தான். 16, 17 வாங்கிய 24 பேரில் ஏழு பேர் தேறவில்லை. 18-ம் அதற்கு மேலும் வாங்கிய 40 பேரில் இரண்டே பேர் தேறவில்லை. ரூப்ரிக்குக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பே இல்லையென்றால், இவ்வளவு சாய்வு தற்செயலாக வருவது நூற்றில் ஒரு தடவை அளவுக்குத்தான். ஓராண்டு அப்ரைசலை மட்டும் எடுத்ததால், மோசமாகச் செய்தவர்களை நீங்களே கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிட்டீர்கள். பயிற்சித் தேர்வு போடுகிறவருக்கு ரூப்ரிக் மதிப்பெண் தெரியுமா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீச்சுக்கான திருத்தம் இப்படி:

```
r, u = 0.11, 4.2/1.9
r*u / (1 + r*r*(u*u - 1))**0.5   # 0.24
```

இந்த 0.24-ஐ அறிக்கையில் தனியாக எழுதாதீர்கள். இந்தச் சூத்திரம், ரூப்ரிக் மொத்தத்தை மட்டும் வைத்து ஆள் எடுத்ததாக நினைத்துக்கொள்கிறது. உங்களுக்கு அதன் பிறகு இறுதி நேர்காணலும் இருக்கிறது. அப்புறம், 47 பேரில் 0.11 என்றால் அதன் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி மைனஸ் 0.18-லிருந்து 0.38 வரை. ரூப்ரிக் உதவாது என்றும் சொல்ல முடியாது, நன்றாக உதவுகிறது என்றும் சொல்ல முடியாது. திருத்தம் போட்டால் அந்த நிச்சயமின்மை குறையாது, அதுவும் சேர்ந்து பெருகும்.

அடுத்த வேலை, படிவத்தின் மூலையிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிடுவது. அது இருக்கும்வரை உங்கள் ஒட்டுறவு நல்லதாக வந்தாலும் நம்ப முடியாது. ரூப்ரிக்கைப் பார்க்காதவர்கள் போட்ட ஏதாவது மதிப்பீடு இருக்கிறதா? சப்போர்ட் நிறுவனங்களில் குவாலிட்டி டீம் அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவார்களே.

கோவைக்காரி:
இருக்கிறது. மாதம் ஆளுக்கு எட்டு அழைப்பு, யார் என்று பார்க்காமல் கேட்பார்கள். நான்காம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை சராசரி எடுக்கலாம். ஒரு கேள்வி: எவ்வளவு வந்தால் நல்லது? மேலாளர் 0.5 எதிர்பார்க்கிறார்.

பழையகோப்பு:
அந்த 0.5 பழைய எண். 1998-ல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் தொகுத்ததில் அறிவுத்திறன் தேர்வுக்கு 0.51 என்று வந்தது, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2022-ல் சாக்கெட் குழுவினர் வீச்சுத் திருத்தத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டார்கள் என்று காட்டி, எண்களைக் கீழே இறக்கினார்கள். அவர்கள் பட்டியலில் முதலில் வந்தது கட்டமைக்கப்பட்ட நேர்காணல், அதற்கே 0.42 தான். முதல்கட்டத்தில் போடும் ஒரு ரூப்ரிக்குக்கு 0.2, 0.3 என்று நிலையாக வந்தாலே வைத்துக்கொள்ளத் தகும்.

கணக்குப்பிள்ளை:
ஒரு யோசனை. ரூப்ரிக் வருவதற்கு முன் சேர்ந்த பழைய ஊழியர்களின் விண்ணப்பங்களை எடுத்து இப்போது மதிப்பெண் போட்டால் 16-க்குக் கீழே உள்ளவர்களும் கிடைப்பார்களே?

பழையகோப்பு:
யோசனை நல்லது, ஆபத்தும் உண்டு. போடுகிறவருக்கு அந்த ஆள் யார் என்று தெரிந்தால், நன்றாக வேலை செய்கிறவருக்குக் கை தானாகக் கூடப் போடும். பொறுமையையும் ஆங்கிலப் பேச்சையும் காகிதத்தில் பார்க்கவும் முடியாது. எழுத்து, முன்னனுபவம் இரண்டுக்கு மட்டும், பெயரை மறைத்து, வெளி ஆளை வைத்துப் போடலாம்.

கோவைக்காரி:
இதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. ரூப்ரிக் தொடங்கிய முதல் இரண்டு மாதம் வெள்ளோட்டம். மதிப்பெண் போட்டோம், ஆனால் அதைப் பார்த்து யாரையும் நிறுத்தவில்லை. "வெள்ளோட்டம்தானே" என்று அவர்களை 64-ல் சேர்க்கவே இல்லை. இன்று அலமாரியில் தேடினேன், பச்சைக் கோப்பில் 14 தாள்கள் இருந்தன. மதிப்பெண் 9-லிருந்து 21 வரை. 16-க்குக் கீழே ஆறு பேர்.

பழையகோப்பு:
மேடம், அதுதான் உங்கள் கையில் இருக்கும் மிக நல்ல தரவு. எண்ணிக்கை குறைவு, முடிவு சொல்லாது. ஆனால் கோட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை அது ஒன்றுதான் காட்டும். அந்த ஆறு பேர் என்ன ஆனார்கள்?

கோவைக்காரி:
மூன்று பேர் பயிற்சியிலேயே போய்விட்டார்கள். ஒருவர் சுமார். இரண்டு பேர் நன்றாகச் செய்கிறார்கள். அந்த இருவரில் 13 வாங்கிய ஒரு பெண், இன்று டீம் லீட். அவருடைய தாளைப் பார்த்தேன்: பொறுமை 5, சிக்கலைப் பிரிப்பது 4, முன்னனுபவம் 1, எழுத்து 2, ஆங்கிலம் 1. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விற்பனைமணி:
அக்கா, முன்னனுபவத்துக்கு ஏன் 5 மதிப்பெண் கொடுக்கிறீர்கள் என்று அந்தத் தாள்தான் கேட்கிறது.

பழையகோப்பு:
ஒரு தாள் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. அடுத்த ஒரு தொகுப்பில் 14, 15 வாங்குகிறவர்களையும் சிலரை எடுக்க மேலாளர் ஒப்புக்கொள்வாரா என்று கேளுங்கள். அதுவரை 14 தாளையும் 64 பேரோடு தனிப் பத்தியில் சேர்த்து, குவாலிட்டி சராசரியையும் பயிற்சித் தேர்வு முடிவையும் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

கோவைக்காரி:
கேட்டேன். பத்து இடத்தில் இரண்டு தரலாம் என்கிறார். திங்கட்கிழமை தாள்களைத் தட்டச்சு செய்யத் தொடங்குகிறேன். குவாலிட்டி சராசரி வந்ததும் எண்ணை இங்கேயே போடுகிறேன்.